எட்டு மில்லியும் நாலரை மில்லியும்

விடிகாலை மூன்று மணிக்கு இடப்பக்க விலாவுக்குக் கீழே பிடித்த வலி, அடிவயிறு வழியாக விதைப்பை வரைக்கும் இறங்கியிருக்கிறது. படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தவரை, இரண்டு முறை வாந்தி எடுத்த பிறகு மனைவி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். ஊசி போட்டதும் வலி அடங்கியது. காலையில் வயிற்று ஸ்கேன் எடுத்தார்கள். அந்த ஸ்கேன் தாளோடு மறுநாள் எங்கள் சி.டி. மையத்துக்கு வந்தபோதுதான் அவர்களைப் பார்த்தேன். நாற்பது வயதைத் தொடும் விசைத்தறிக்காரர். தறிப்பட்டறைச் சூட்டில் பத்து மணி நேரம் நிற்கிறவர். தாளில் 'இடது சிறுநீர்க் குழாயின் கீழ்முனையில் 8 மி.மீ. கல், இடது சிறுநீரகத்தில் லேசான வீக்கம்' என்று இருந்தது.

"எட்டு மில்லின்னு போட்டிருக்குதுங்க. ஆபரேஷன்தானுங்களா டாக்டர்?" என்று மனைவி கேட்டார்.

கதிரியக்க மருத்துவராக இந்தக் கேள்வியை வாரத்துக்குப் பல தடவை கேட்கிறேன். கல்லின் அளவுதான் சிகிச்சைக்கு வழிகாட்டுகிறது என்பது உண்மை. ஆனால் அந்த எண்ணை எந்தக் கருவி அளந்தது, எந்தத் திசையில் அளந்தது, கல் எந்த இடத்தில் நிற்கிறது என்பவை தெரியாமல் வெறும் 'எட்டு' என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. இந்தத் தறிக்காரரின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் அது விளங்கும். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் அந்த எட்டு எங்கிருந்து வந்தது? வயிற்று ஸ்கேன் என்று நாம் சொல்வது ஒலியலையால் எடுக்கப்படுவது. கல்லின் மேல் மோதித் திரும்பும் ஒலி, திரையில் பளிச்சென்ற வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்த வெளிச்சம் கல்லின் ஓரத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் வழிகிறது. பெரிய கல்லில் இந்த வழிசல் ஒரு பொருட்டில்லை. 5 மி.மீ.க்குக் குறைவான கல்லிலோ அது அளவையே மாற்றிவிடும். கல்லுக்குப் பின்னால் ஒலி போகாமல் விழும் கறுப்பு நிழலின் அகலத்தை அளந்தால் உண்மைக்கு நெருங்கி வரலாம். அவசரத்தில் பெரும்பாலும் வெளிச்சத்தைத்தான் அளக்கிறோம். ஸ்கேன் செய்தவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்பதைக் கதிர்வீச்சே இல்லாமல் சில நிமிடங்களில் சொல்ல அதைவிட நல்ல கருவி கிடையாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். சின்னக் கல்லை மில்லிமீட்டர் கணக்கில் அளப்பதில்தான் அது சறுக்குகிறது.

அவர் கையில் ஒரு எக்ஸ்ரேயும் இருந்தது. சிறுநீரகத்தின் மேல்முனை தொடங்கி மூத்திரப்பைக்குக் கீழ் வரை ஒரே படத்தில் அடங்கும்படி எடுப்பது. சிறுநீரகக் கல்லை எக்ஸ்ரேயில் பார்ப்பது புதிதல்ல. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட மறு ஆண்டான 1896-லேயே கிளாஸ்கோ நகரில் ஜான் மெகின்டையர் என்ற மருத்துவர் அப்படியொரு படம் எடுத்துவிட்டார். கால்சியம் கலந்த கல் எலும்பைப் போலவே கதிரை மறிப்பதால் வெள்ளையாகத் தெரியும். ஆனால் குடலில் இருக்கும் காற்றும் மலமும் அதை மறைத்துவிடும். அதனால்தான் முன்னேற்பாட்டோடு எடுக்கும்போது முந்தின இரவே பேதி மாத்திரை கொடுத்து வரச் சொல்வார்கள். வலியில் துடித்து வருகிறவருக்கு அதற்கு நேரம் ஏது? அப்படி எடுக்கும் படங்களில் ஏறக்குறைய பாதிக் கற்கள்தான் கண்ணில் படுகின்றன. யூரிக் அமிலக் கல்லோ எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதைக் கல்லே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இவர் படத்தில் சிக்கல் வேறு மாதிரி இருந்தது. இடுப்புக்குழியின் இடப்பக்கத்தில் மிளகு அளவில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள், இரண்டு விரற்கடை தூரத்தில். இரண்டும் கல்லா? இல்லை, ஒன்றுதானா? இடுப்புக்குழிச் சிரைகளில் ரத்தம் உறைந்து, காலப்போக்கில் சுண்ணாம்பேறிச் சின்ன மணிகளாகிவிடுவது உண்டு. சிரைக்கல் என்று இதைச் சொல்லலாம். பெரியவர்களில் ஏராளமானவர்களுக்கு இருக்கிறது, எந்தத் தொந்தரவும் தராது. எக்ஸ்ரேயில் மட்டும் சிறுநீர்க் குழாய்க் கல்லைப் போலவே வேஷம் போடும். உருண்டையாக, நடுவில் கொஞ்சம் கறுத்துத் தெரிந்தால் சிரைக்கல் என்று சந்தேகிக்கலாம். எக்ஸ்ரே என்பது நிழல் என்பதையும் மறக்கக் கூடாது. உடம்பின் முன்னும் பின்னும் இருப்பதெல்லாம் ஒரே தளத்தில் அமுங்கி விழுகிறது. புள்ளி குழாய்க்குள் இருக்கிறதா, குழாய்க்கு முன்னால் இருக்கிறதா என்று அதில் பிரித்துச் சொல்ல முடியாது.

அதற்குத்தான் சி.டி. கல்லைத் தேடும் சி.டி.க்கு மருந்து ஊசி போடுவதில்லை. அந்த மருந்தும் வெள்ளையாகத் தெரிவதால் கல்லை மூடிவிடும். மேசையில் படுத்து ஒரே ஒரு தடவை மூச்சைப் பிடித்தால் படம் முடிந்துவிடும். எக்ஸ்ரேக்குத் தெரியாத யூரிக் அமிலக் கல்லும் இதில் பளிச்சென்று தெரியும். சில மருந்துகள் படிந்து உண்டாகும் அபூர்வமான கற்கள் மட்டுமே தப்பிக்கும். கதிர்வீச்சு எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு என்பது உண்மைதான். ஒல்லியானவர்களுக்கும் நடுத்தர உடம்புக்காரர்களுக்கும் கல்லைத் தேடுவதற்கு மட்டும் கதிரைப் பெரிதும் குறைத்து எடுக்கும் முறை இருக்கிறது. 'குறைந்த கதிர் அளவில் எடுப்பீர்களா' என்று கேட்பதில் தவறில்லை. மாதத்துக்கு ஒரு சி.டி. என்று எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் தவறு.

சி.டி.யில் அவருடைய இரண்டு புள்ளிகளும் தனித்தனியாகப் பிரிந்தன. மேலே இருந்த புள்ளி, சிறுநீர்க் குழாய் மூத்திரப்பைக்குள் நுழையும் வாசலில் உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மெல்லிய வளையம். கல் உரசி வீங்கிய குழாயின் சுவர் அது. கல் குழாய்க்குள்தான் இருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி. கீழே இருந்த புள்ளியைச் சுற்றி வளையம் இல்லை. ஒரு சிரை வால் போல அதனிடம் வந்து முடிந்தது. அது சிரைக்கல்.

இன்னொரு சந்தேகம் பாக்கி இருந்தது. மேலே இருந்த கல் இன்னும் வாசலில் சிக்கியிருக்கிறதா, அல்லது ஏற்கெனவே மூத்திரப்பைக்குள் விழுந்து அங்கேயே தரையில் கிடக்கிறதா? மல்லாந்து படுத்திருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அவரைக் குப்புறப் படுக்கச் சொல்லி அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை எடுத்தோம். பைக்குள் விழுந்த கல்லாக இருந்தால் முன்பக்கம் உருண்டு போயிருக்கும். இது நகரவில்லை. சிக்கித்தான் இருந்தது.

இனி அளவு. இங்கேதான் எங்கள் வேலையில் கவனம் வேண்டும். சி.டி. படத்தைத் திரையில் பார்க்கும்போது, குடல், ஈரல் போன்ற மென்மையான உறுப்புகளுக்கு ஏற்ற வெளிச்சத்தில் வைத்தால் கல்லின் ஓரம் வழிந்து பெரிதாகத் தெரியும். எலும்பு பார்க்கும் வெளிச்சத்துக்கு மாற்றி, படத்தைப் பெரிதாக்கி அளந்தால் உண்மையான ஓரம் கிடைக்கும். முதலில் சொன்ன வெளிச்சத்தில் அளந்தபோது அவருடைய கல்லின் அகலம் கிட்டத்தட்ட 6 மி.மீ. எலும்பு வெளிச்சத்தில் அதே கல் 4.5 மி.மீ.

குறுக்கு வெட்டில் மட்டும் அளந்தாலும் போதாது. குழாய்க்குள் கல் பெரும்பாலும் நெல்மணி போல நீளவாக்கில் நிற்கும். உடம்பை முன்னிருந்து பார்ப்பது போன்ற நெடுக்கு வெட்டில் அளந்தால்தான் நீளம் தெரியும். அப்படி அளந்ததில் நீளம் 6 மி.மீ. துண்டங்களை 5 மி.மீ. கனத்தில் மட்டும் வைத்திருந்தால் இந்த நீளத்தை நம்பி அளக்க முடியாது. ஒரு மில்லிக்கு நெருக்கமான மெல்லிய துண்டங்கள் வேண்டும். ஆக, ஸ்கேன் தாளில் இருந்த எட்டு, அகலம் நாலரை, நீளம் ஆறு என்று ஆயிற்று.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? சிறுநீர்க் குழாய் 25 முதல் 30 செ.மீ. நீளம், உள்ளே சாதாரணமாக 3, 4 மி.மீ. அகலம்தான். அதிலும் மூன்று இடங்களில் இடுக்கமாக இருக்கும்: சிறுநீரகத்தை விட்டுக் குழாய் தொடங்கும் இடம், கால்களுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களைத் தாண்டும் இடம், மூத்திரப்பைக்குள் நுழையும் வாசல். அதனால் சில மில்லிமீட்டர் வித்தியாசமே கல் தானாக வெளியேறுமா என்பதைத் தீர்மானிக்கிறது. சி.டி.யில் அளந்த கற்களை வைத்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், 2 முதல் 4 மி.மீ. வரையுள்ள கற்களில் நான்கில் மூன்று தானாகவே வெளியேறின. 5 முதல் 7 மி.மீ. என்றால் பத்தில் ஆறு. 9 மி.மீ.க்கு மேல் போனால் நான்கில் ஒன்றுதான். கல் நிற்கும் இடமும் அதே அளவுக்குப் பேசுகிறது. குழாயின் மேல்பகுதியில் கண்டுபிடிக்கப்பட்ட கற்களில் பாதிதான் வெளியேறின. கீழ்வாசலில் நின்றவற்றிலோ ஐந்தில் நான்கு. கீழே நிற்கும் கல் கடினமான பாதையை ஏற்கெனவே கடந்து வந்த கல் அல்லவா.

"ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டியிருக்காதுன்னுதான் தோணுது. சிறுநீரக டாக்டர் பார்த்து முடிவு பண்ணட்டும்" என்றேன். அந்த அம்மாவுக்கு முகம் தெளிந்தது. ஆனால் நான் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. வலியே இல்லாத வலது சிறுநீரகத்தின் கீழ் அறையில் 14 மி.மீ. நீளத்தில் ஒரு கல் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

"அந்தப் பக்கம் வலிச்சதே இல்லீங்களே" என்றார் அவர்.

கல் குத்துவதால் வலி வருகிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். வலி வருவது அடைப்பினால். கீழே வழி மறிந்து, மேலே சிறுநீர் தேங்கி, சிறுநீரகமும் குழாயும் விம்மும்போது அந்த அழுத்தம்தான் வலிக்கிறது. அறைக்குள் சும்மா கிடக்கும் கல் எதையும் அடைக்காத வரை வலிக்காது. அதனால் வலியின் அளவை வைத்துக் கல்லின் அளவைக் கணிக்கவே முடியாது. நாலரை மில்லி இவரைத் தரையில் புரள வைத்தது, பதினாலு மில்லி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சிறுநீரகத்துக்குள் இருக்கும் கல்லுக்குக் கணக்கு வேறு. அங்கே மருத்துவர்கள் பார்க்கும் எல்லைகள் 10 மி.மீ., 20 மி.மீ. ஏன் அந்த எண்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஒன்று புரியும். 20 மி.மீ. கல் என்பது 10 மி.மீ. கல்லைப் போல இரண்டு மடங்கு இல்லை. உருண்டை என்று வைத்துக்கொண்டால் அதில் எட்டு மடங்கு பொருள் இருக்கிறது. அவ்வளவையும் உடைத்து வெளியே கொண்டுவந்தாக வேண்டும். 10 மி.மீ.க்குள் என்றால் உடம்புக்கு வெளியிலிருந்து அதிர்வலை பாய்ச்சிக் கல்லைப் பொடித்துவிடலாம். துகள்கள் சிறுநீரோடு போய்விடும். 1980 பிப்ரவரியில் மியூனிக் நகரில் கிறிஸ்டியன் ஷௌசியும் அவரோடு இருந்தவர்களும் மனிதருக்கு முதன்முதலில் செய்த சிகிச்சை இது. அந்த நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார வைத்து அலையைப் பாய்ச்சினார்கள். 20 மி.மீ.க்கு மேல் போனால் முதுகில் ஒரு செ.மீ. அளவுக்குத் துளையிட்டு, அதன் வழியே கருவியை நேராக உள்ளே விட்டு உடைத்து எடுப்பதுதான் சரியாக வருகிறது. அவ்வளவு பெரிய கல்லை அதிர்வலையால் உடைத்தால், துண்டுகள் வரிசையாகக் குழாயில் இறங்கி, ஒன்றன் பின் ஒன்றாக அடைத்துக்கொண்டு நிற்கும்.

இவருடைய கல் இரண்டுக்கும் நடுவே. இந்த நடு எல்லையில்தான் அளவு மட்டும் போதாமல், சி.டி. சொல்லும் மற்ற செய்திகள் தேவைப்படுகின்றன. கல் எவ்வளவு அடர்த்தி என்பது அதில் முதலாவது. சி.டி.யைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் ஓர் அலகு உண்டு. அதில் தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. யூரிக் அமிலக் கல் ஏறக்குறைய 500-க்குள் நிற்கும். 1000-ஐத் தாண்டினால் அதிர்வலைக்கு எளிதில் மசியாத கெட்டிக் கல் என்று பொருள். இவருடையது 1250. இரண்டாவது, கல் கீழ் அறையில் இருந்தது. உடைத்தாலும் துகள்கள் மேல்நோக்கி ஏறி, வளைந்துதான் வெளிவாசலுக்கு வர வேண்டும். பாதி அங்கேயே தங்கிவிடும், தங்கியது மறுபடி வளரும். மூன்றாவது, முதுகுத் தோலிலிருந்து கல்லுக்கு உள்ள தூரம். அது 10 செ.மீ.க்கு மேல் போனால் அலையின் வலு குறையும். இவர் ஒல்லியானவர் என்பதால் அதில் மட்டும் தடையில்லை. மூன்றையும் சேர்த்துப் பார்த்த சிறுநீரக மருத்துவர், மூத்திரத் துவாரம் வழியாகவே வளையும் மெல்லிய குழாய்க் கருவியை உள்ளே அனுப்பி, லேசரால் கல்லைப் பொடிக்கலாம் என்று தீர்மானித்தார். அதற்கு அவசரமில்லை. முதலில் இடப்பக்கக் கல் வெளியே வரட்டும்.

அடர்த்தி குறைவான யூரிக் அமிலக் கல்லாக இருந்தால் கதையே மாறும். சிறுநீரின் புளிப்பை மாத்திரையால் குறைத்து, வாரக்கணக்கில் அப்படியே வைத்திருந்தால், பெரிய கல்லும் கரையக்கூடும். கால்சியம் கல் அப்படிக் கரையாது. வாழைத்தண்டுச் சாறு குடிப்பதாக இவரும் சொன்னார். குடிக்கட்டும், அதிலும் தண்ணீர்தான் பெரும்பங்கு, புதிய கல் சேராமலிருக்கத் தண்ணீர் நிறைய வேண்டும்தான். ஆனால் ஏற்கெனவே உருவான கால்சியம் ஆக்சலேட் கல்லை எந்தச் சாறும் கரைத்துவிடும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது. வலி உச்சத்தில் இருக்கும்போது குடம்குடமாகத் தண்ணீர் குடித்துக் கல்லைத் தள்ளிவிடலாம் என்பதும் நடக்காத காரியம். அடைபட்ட குழாய்க்கு மேலே இன்னும் தண்ணீர் சேர்ந்தால் வலிதான் கூடும்.

இடப்பக்கக் கல்லுக்கு வலி மாத்திரையும், குழாயின் கீழ்ப்பகுதியைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். இந்த மாத்திரையால் பயன் தெரிவது பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் நிற்கும், 5 மி.மீ.க்கு மேற்பட்ட கற்களுக்குத்தான். பழைய டீ வடிகட்டி ஒன்றை ஒதுக்கி வைத்து, ஒவ்வொரு தடவையும் சிறுநீரை அதன் வழியே போகச் சொன்னார்கள். நான்கு வாரம், மிஞ்சினால் ஆறு வாரம்தான் காத்திருக்கலாம். அதற்கு மேல் அடைப்பு நீடித்தால் சிறுநீரகத்தின் வேலைத்திறன் கெட்டுப்போகும்.

மருத்துவர் இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார். அதை நானும் சொல்லாமல் விட முடியாது. குளிரோடு காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அறவே நின்றாலோ, எத்தனை மில்லி என்ற கணக்கெல்லாம் அந்த நிமிடமே செல்லாது. அடைபட்ட சிறுநீரகத்துக்குள் கிருமி புகுந்தால் சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கப் பரவி உயிருக்கு ஆபத்தாகும். மூன்று மில்லிக் கல்லானாலும் உடனே உள்ளே ஒரு குழாய் வைத்தோ, முதுகு வழியாகத் துளைத்தோ தேங்கியதை வடித்தாக வேண்டும். கல்லை எடுப்பதெல்லாம் பிறகு. ஒரே சிறுநீரகத்தோடு வாழ்கிறவருக்கு அடைப்பு வந்தாலும் காத்திருக்கும் பேச்சே இல்லை.

வலி நின்றுவிட்டால் கல் போய்விட்டது என்று நினைப்பது இன்னொரு ஏமாற்று. அடைப்பு நாள்பட்டால் சிறுநீரகத்துக்குள் அழுத்தம் மெல்லத் தணிந்து வலி மறையும், கல் அங்கேயே இருக்கும். எந்தக் கஷ்டமும் இல்லை என்று சொல்லி ஆறு மாதம் கழித்து வேறெதற்கோ ஸ்கேன் எடுக்க வந்தவர்களின் சிறுநீரகம், தண்ணீர் நிரம்பிய மெல்லிய பை போலச் சுருங்கிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் படத்தை அவர்களுக்குக் காட்டி விளக்குவது கடினமான வேலை.

தறிக்காரருக்கு ஐந்தாம் நாளே வலி நின்றுவிட்டது. நல்லவேளையாக வடிகட்டியை அவர் விடவில்லை. பதினாறாம் நாள் கல் அதில் விழுந்தது. மாத்திரை டப்பாவில் போட்டு எடுத்து வந்தார். கரும்பழுப்பு நிறம், மேலெல்லாம் சொரசொரப்பு. அளவுகோலில் வைத்தோம். நீளம் ஆறு, அகலம் நாலரைக்கு ஒரு மயிரிழை கூடுதல். ஆய்வகத்தில் கால்சியம் ஆக்சலேட் என்று வந்தது. ஸ்கேனில் இடது சிறுநீரக வீக்கம் வடிந்திருந்தது. இரண்டு மாதம் கழித்து வலப்பக்கக் கல்லை லேசரால் பொடித்து, உள்ளே வைத்த குழாயை இரண்டு வாரத்தில் எடுத்தும்விட்டார்கள். இந்தக் குழாயை வைத்ததையே மறந்து வருஷக்கணக்கில் விட்டு, அதன் மேலேயே கல் படிந்து வருகிறவர்களும் உண்டு. அதனால் எடுக்க வேண்டிய தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதி வைக்கச் சொல்லியிருந்தோம்.

எல்லாம் முடிந்து கடைசியாக எடுத்த எக்ஸ்ரேயில் இடுப்புக்குழியின் இடப்பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் அப்படியே இருந்தது. "இன்னும் ஒண்ணு இருக்குதுங்களே" என்று அந்த அம்மா படத்தைத் தொட்டுக் காட்டினார். அது சிரைக்கல், எப்போதும் அங்கேயேதான் இருக்கும் என்றேன். நாளைக்கு வேறு ஊரில், வேறு ஒருவர் இந்தப் புள்ளியைப் பார்த்துச் சிறுநீர்க் குழாய்க் கல் என்று எழுதக்கூடும். எனவே சி.டி. படங்கள் இருக்கும் குறுந்தகட்டைத் தூக்கிப் போட்டுவிடாமல் ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.